திறந்த அடுப்பும் மூடிய மூட்டமும்

யானைக்கவுனித் தெருவோரத்து இஸ்திரிப் பெட்டியில் கனலும் கரிக்குப் புகையும் இல்லை, சுவாலையும் இல்லை. விறகடுப்பில் எரியும் கட்டைக்கு இரண்டும் உண்டு. இரண்டும் ஒரே மரமாகவே இருக்கலாம். ஆனால் கரி, எரிதலின் முற்பாதியை ஊரிலேயே முடித்துவிட்டு வந்தது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேல விறகை அடுக்கி, தழை பரப்பி, மண் பூசி மூடும் கரிமூட்டம்தான் அதன் பிறப்பிடம்.

அடுப்பில் எரிதலின் கட்டங்கள் எல்லாம் ஒரே கட்டையில் வரிசையாகக் கிடக்கின்றன. வெளியே நீட்டிய முனையில் ஈரம் நுரைத்துச் சீறுகிறது, சற்று உள்ளே மரம் பழுப்பேறிப் புகைகிறது, அதற்கப்பால் சுவாலை, கோடியில் கங்கு. மூட்டத்தில் இதே வரிசை நாள்கணக்கில் நீள்கிறது. முதலில் அடர்ந்த வெள்ளைப் புகை, பெரும்பாலும் நீராவி. ஈரம் வற்றும்வரை மரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டத் தயங்கும். பிறகு மஞ்சளோடிய, கண்ணைக் கரிக்கும் புகை: 200 டிகிரிக்கு மேல் மரமே சிதைகிறது. கடைசியில் மெல்லிய நீலப் புகை வந்ததும் மூட்டத்தில் விட்ட காற்றுத் துளைகளை அடைத்துவிடுவார்கள்.

ஒன்றில் காற்று தாராளம், மற்றதில் பஞ்சம். இந்த வேறுபாடு வெளித்தோற்றத்துக்கே பொருந்தும் என்பதுதான் வியப்பு. சுவாலை எரிப்பது மரத்தை அல்ல, மரம் கக்கும் வாயுவை. உற்றுப் பார்த்தால் கட்டைக்கும் சுவாலைக்கும் இடையே சிறு இருண்ட இடைவெளி தெரியும். வெளியேறும் வாயு காற்றை நெருங்கவிடாமல் தள்ளுகிறது. எஞ்சிய காற்றைச் சுவாலையே உண்டுவிடுகிறது. ஆக, சுவாலைக்கு அடியிலும் காற்றில்லாமல்தான் கரி உருவாகிறது. மூட்டத்துக்கு மண் செய்யும் காவலை அடுப்பில் நெருப்பே செய்கிறது! வாயு ஓய்ந்தபின்தான் காற்று கரியைத் தொடும், கங்கு சிவக்கும்.

காவல் தவறினால் விளையும் கேட்டிலும் இவை உறவுதான். மூட்டத்து மண் வெடித்தால் அந்த இடத்தில் அடுப்பில் போலவே கங்கு பற்றி, கரி சாம்பலாகும். அதனால் இரவிலும் ஆள் சுற்றிவந்து விரிசலுக்குச் சேறு அப்ப வேண்டும். அவசரப்பட்டுத் துளையை அடைத்தாலோ அரைவேக்காட்டுக் கரிதான் மிஞ்சும். உடைத்தால் உள்ளே பழுப்பு நிறம். தட்டினால் கணீரென்று ஒலிக்காது. விட்ட கட்டத்தை அது இஸ்திரிப் பெட்டிக்குள் வந்து தொடரும். வெள்ளைச் சட்டையில் புகை படியும்.

லாபநட்டத்தில் மட்டும் இரண்டும் பிரிகின்றன. ஒரு கிலோ கரிக்கு நான்கைந்து கிலோ விறகு போகிறது. மரத்திலிருந்த வெப்பத்தில் பாதிக்கு மேல் மூட்டத்துப் புகையோடு வானுக்குப் போகிறது. அடுப்பில் அந்தப் பங்குதான் சுவாலையாகிச் சோறு பொங்குகிறது. பானைக்கடியில் கரி பிடிப்பது அதற்குக் கூலி. இஸ்திரிக்காரருக்கு அந்தச் சுவாலையால் ஆவது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது விசிறினால் சிவந்து, விட்டால் நீறு பூத்து அடங்கும் கங்கு மட்டுமே.