மீள அழைக்கும் மின்னஞ்சல்

நெடுநாள் வாங்காத வாடிக்கையாளருக்கு இணையக்கடை அனுப்பும் மடல். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவூர்ப் பட்டு விற்கும் கடைக்கு வாடிக்கையாளரின் மூன்று மாத மௌனம் விலகல் ஆகாது; பட்டுச்சேலை கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் வாங்கப்படுவது. வாங்காமல் இரண்டு தீபாவளி கடந்தவருக்கு எழுதுவதே பொருத்தம்.

முன்பு வாங்கிய சேலையைக் குறிப்பிட்டு, அடுத்த சேலைக்கு முந்தானைக் குச்சம் இலவசமாகக் கட்டித் தருவதாகச் சொன்னால் போதும். பாதி விலைத் தள்ளுபடி சரிகையின் தரத்திலேயே சந்தேகம் எழுப்பும்.

திறப்பு எண்ணிக்கையை நம்ப வேண்டாம்; 2021 முதல் ஆப்பிளின் அஞ்சல் செயலி படங்களைத் தானே முன்கூட்டி இறக்குவதால் திறக்காத மடலும் திறந்ததாகத் தெரியும். பதில்களையும் ஆர்டர்களையும் எண்ணுவதே சரி. இரண்டாம் மடலுக்கும் பதிலில்லாதவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். அவர்களுக்குத் தொடர்ந்து அனுப்பி ஸ்பேம் புகார்கள் பெருகினால் மற்றவர்களுக்கான மடலும் இன்பாக்ஸை எட்டாது.