சேமிக்கப்படாத பிடிஎஃப் பதிவுகளை மீட்டல்

பிடிஎஃப் படிவத்தில் நிரப்பிய விபரங்களும் பக்க ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் ஏறாமலே இருந்துவிடுவதுண்டு. கினிகத்தேனையிலுள்ள அம்பகமுவ பிரதேச செயலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிய படிவம் அங்கே வெறுமையாகத் திறந்தால், பலரும் முதலில் தேடுவது அழிந்த கோப்பை மீட்கும் மென்பொருளைத்தான். அது இங்கே பெரும்பாலும் உதவாது. அத்தகைய மென்பொருள் வட்டில் எழுதப்பட்டு அழிந்ததைத் தேடும். எழுதப்படவே இல்லாததை எங்கே தேடும்? ஆகவே, நிரப்பிய விபரங்களைப் பார்வை மென்பொருள் எங்கே வைத்திருந்தது என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும்.

லினக்ஸ் கணினிகளில் பயன்படும் ஒகுலர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2017 டிசம்பரில் வந்த 1.3 பதிப்புக்கு முன்னர், அது பிடிஎஃப்பைத் தொடாமல், குறிப்புகளையும் படிவ விபரங்களையும் தனியொரு எக்ஸ்எம்எல் கோப்பில் தானாகவே எழுதிவைத்தது. அதே கணினியில் திறந்தால் எல்லாம் தெரியும். இன்னொருவருக்கு அனுப்பினால் எதுவும் போகாது. அந்தக் கோப்புகள் இருக்கும் இடம்:

```
ls ~/.local/share/okular/docdata/
```

இன்னும் பழைய பதிப்புகளில் இது `~/.kde/share/apps/okular/docdata/` என்றிருக்கும். கோப்பின் பெயர் `48213.form.pdf.xml` போல அமையும். முன்னால் நிற்கும் எண் பிடிஎஃப்பின் அளவு, பைட்டுகளில். பெயர், அளவு இரண்டும் பொருந்தினால்தான் ஒகுலர் அந்த எக்ஸ்எம்எல்லைப் பிடிஎஃப்போடு இணைக்கும். படிவத்தின் பெயரை மாற்றியதாலேயே குறிப்புகள் மறைந்திருக்கலாம். பழைய பெயரைத் திரும்ப வைத்தால் அவை மீண்டும் தெரியும். அளவு மாறியிருந்தால் பழைய மூலப்பிரதி தேவை. அதுவும் கிடைக்காவிட்டால், எக்ஸ்எம்எல்லை எழுத்துத் தொகுப்பியில் திறந்து, தட்டச்சிட்ட சொற்களை அங்கிருந்தே நகலெடுக்கலாம். புதிய ஒகுலரில் அதே பிடிஎஃப்பைத் திறந்தால் பழைய பதிவுகளையும் காட்டி, அவற்றைக் கோப்பில் சேமிக்கச் சொல்லும். சேமித்த பிரதியை வேறொரு பார்வை மென்பொருளில் திறந்து பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

எல்லா மென்பொருளும் இப்படி எதையாவது விட்டுவைக்கும் என்று நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். குரோம், பயர்பாக்ஸ் உலாவிகளில் நிரப்பும் விபரம் சேமிக்கும்வரை கணினியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். தாவலை மூடியதும், மின்சாரம் போனதும், அது போய்விடும். உலாவி பழைய தாவலைத் திரும்பத் திறந்து கொடுத்தாலும் வெறும் படிவமே வரும். ஆனால் தாவல் இன்னும் திறந்திருந்தால் நிலைமை வேறு: மாற்றங்களோடு தரவிறக்கலாம், அது சரிவராவிட்டால் அச்சிடும் கட்டளையில் பிடிஎஃப்பாகச் சேமிக்கலாம். அப்படிச் சேமித்ததைத் திருத்த முடியாது, ஆனால் எழுத்துகள் நிலைத்திருக்கும்.

அடோபி ரீடரில் சில நிமிடங்களுக்கொருமுறை தற்காலிகக் கோப்பில் எழுதிவைக்கும் அமைப்பு உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது மென்பொருள் திடீரென நின்றுபோனால் கைகொடுப்பதற்கானது. மூடும்போது 'சேமிக்க வேண்டாம்' என்று அழுத்தியவருக்கு அதை நம்பியிருக்க முடியாது.