புற வன்தட்டின் உறக்கமும் நிரல்களின் உறைவும்

யூஎஸ்பி வழி இணைக்கப்பட்ட புற வன்தட்டு சிறிது நேரம் பயன்படாமல் இருந்தால், மின்சிக்கனத்துக்காக அதன் மோட்டார் நிறுத்தப்படுகிறது. விண்டோஸின் சமநிலை மின்திட்டத்தில், மின் இணைப்பில் இருக்கும்போது இந்த நேரம் வழக்கமாக 20 நிமிடம். பின்னர் ஒரு நிரல் கோப்பைக் கேட்டால், தட்டு முழு வேகத்தில் சுழலச் சில நொடிகள் ஆகும். அதுவரை விடைக்குக் காத்திருக்கும் நிரல் உறைந்து நிற்கிறது. அந்த வன்தட்டில் இல்லாத கோப்பைச் சேமிக்கும்போதும் இது நேரலாம். சேமிப்புச் சாளரம் எல்லா இயக்ககங்களையும் விசாரிப்பதே காரணம்.

ஓய்வுக்குப் பின் ஒருமுறை மட்டும் உறைந்து, மோட்டார் ஒலி எழுந்ததும் சீரானால் அது உறக்கமே. தொடர்ந்து பயன்படுத்தும்போதும் உறைந்தால் கம்பியையோ வன்தட்டையோ ஐயுற வேண்டும். தரவை உடனே நகலெடுப்பது நல்லது.

மின் இணைப்பில் உள்ளபோது விண்டோஸ் வன்தட்டை நிறுத்தாதிருக்க:

```
powercfg /change disk-timeout-ac 0
```

இதன் பிறகும் உறங்கினால், வன்தட்டுப் பெட்டியின் உள்நிரலே அதை நிறுத்தக்கூடும். அந்த நேர அளவை, உற்பத்தியாளர் இடமளித்திருந்தால், அவருடைய மென்பொருளில் மாற்றலாம்.