மரியாதை ஆளுக்கா, வேலைக்கா? பெங்களூரு மின்னஞ்சல்களில் ‘கேன்’, ‘குட்’, ‘வுட்’

பெங்களூரின் மென்பொருள் அலுவலகங்களில் இந்த வாக்கியத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது: “ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ.” எழுதியவர் நாளை விடுப்பில் இருக்கப்போவது உறுதி. விடுப்பு ஒப்புதலும் கிடைத்தாயிற்று. ஆனாலும் ‘வில்’ என்று எழுதக் கை வருவதில்லை. ‘வில்’ கொஞ்சம் முரட்டுத்தனமாகவும் ‘வுட்’ பணிவாகவும் அவருக்குப் படுகிறது.

இந்தியருக்கு ஆங்கிலத்தில் பணிவாக எழுதத் தெரியாது என்பது பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்கிற புகார். அது பிழையான நோயறிதல் என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே எழுதப்படும் மடல்களில் பணிவுக்குப் பஞ்சமே இல்லை. அது உட்கார வேண்டிய வாக்கியத்தில் உட்காராமல் பக்கத்து வாக்கியத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் பெங்களூரில் வடிவமைப்பு மையம் தொடங்கியதிலிருந்து, கடல் கடந்த ஒருவருக்கு ஆங்கிலத்தில் எழுதி வேலை வாங்குவது இந்த ஊரின் அன்றாடமாகிவிட்டது. எழுதுகிறவர்களின் வீட்டு மொழி கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என எதுவாகவும் இருக்கலாம். இங்கே தமிழையும் கன்னடத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தமிழில் ஒருவரிடம் கோப்பு கேட்பதற்கு ‘அனுப்புங்க’ என்றாலே போதும். இலக்கணப்படி அது ஏவல் வினைதான், ஆனாலும் அதில் அதட்டல் இல்லை. கடைசியில் ஒட்டிய ‘-ங்க’ மரியாதையை முழுதாகச் சுமந்துவிடுகிறது. கன்னடத்திலும் இதே கதைதான். ‘மாடு’ என்றால் ஒருமை, ‘மாடி’ என்றால் மரியாதை. முன்னால் ஒரு ‘ஸ்வல்ப’ சேர்த்தால் கோரிக்கை இன்னும் இளகிவிடும். தமிழர் ‘கொஞ்சம்’ போடுகிற அதே இடத்தில் பெங்களூருக்காரர் ‘ஸ்வல்ப’ போடுகிறார். இரண்டு மொழியிலும் மரியாதை ஆளுக்கு உரியது. எதிரில் இருப்பவர் யார் என்று முடிவானதும் விகுதி முடிவாகிவிடுகிறது. அதன்பின் கேட்பது பேனாவா, பத்தாயிரம் ரூபாயா என்பது விகுதியை மாற்றாது.

ஆங்கிலத்தில் அந்த விகுதி கிடையாது. மேலாளருக்கும் ‘யூ’, காவலாளிக்கும் ‘யூ’. அதனால் இங்குள்ளவர்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். முதலாவதாக, ‘-ங்க’வுக்கு ஈடாக ‘ப்ளீஸ்’ அல்லது ‘கைண்ட்லி’யைப் பிடித்துக்கொள்கிறார்கள். “ப்ளீஸ் சென்ட் தி ரிப்போர்ட்” என்று எழுதுகையில் அவர் மனத்தில் ஒலிப்பது ‘ரிப்போர்ட் அனுப்புங்க’. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் காதில் விழுவதோ மறுக்க இடம் தராத, இனிப்புத் தடவிய ஓர் உத்தரவு. இரண்டாவதாக, மூத்தவருக்கு எழுதும் மடல் என்றால் மரியாதை மடல் முழுக்கத் தெரியட்டும் என்று ‘வில்’லை ‘வுட்’ ஆக்கி, ‘கேன்’னைக் ‘குட்’ ஆக்கிவிடுகிறார்கள். இந்திய ஆங்கிலத்தின் இந்த வழக்கம் புதிதல்ல. பீட்டர் ட்ரட்கில்லும் ஜீன் ஹானாவும் உலக ஆங்கில வகைகளைப் பற்றி எழுதிய நூலில் இதைக் குறித்திருக்கிறார்கள். இறந்தகால வடிவம் தயக்கமாக ஒலிப்பதால் அதுவே பணிவு என்று கொள்ளப்படுகிறது என்ற விளக்கமும் அதில் உண்டு.

தயக்கம் என்பதுதான் இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய இழை. ‘குட்’டும் ‘வுட்’டும் எதிரில் இருப்பவரின் பதவியைக் காட்டுவதில்லை. கேட்கப்படுவது நடக்குமோ நடக்காதோ என்று கேட்பவருக்கு உள்ள உறுதியின்மையைத்தான் காட்டுகின்றன. நடக்காமலும் போகலாம் என்று ஒப்புக்கொள்வதன் வழியே, மறுக்கும் உரிமையை எதிராளியின் கையில் கொடுக்கின்றன. ஆங்கிலப் பணிவின் சாரம் அந்த உரிமைதான்.

பெனலோபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் முன்வைத்து 1987இல் தனி நூலாகவும் வெளியிட்ட பணிவுக் கோட்பாடு இதை மூன்று கேள்விகளாகப் பிரிக்கிறது. இருவருக்கும் இடையே பழக்கம் எவ்வளவு? யாருக்கு அதிகாரம் அதிகம்? கேட்கும் காரியம் எவ்வளவு பாரமானது? உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் இந்தக் கோட்பாட்டின் மூன்று முக்கியச் சான்று மொழிகளில் தமிழும் ஒன்று என்பது தமிழ் வாசகர் பலருக்குத் தெரியாது. ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் செல்டால் மொழியோடும், கோவை மாவட்டக் கிராமம் ஒன்றின் பேச்சுத் தமிழையும் அவர்கள் வைத்து ஆராய்ந்தார்கள். பெங்களூரு மடல்களை அந்த மூன்று கேள்விகளில் வைத்துப் பார்த்தால் கோளாறு எங்கே என்று விளங்கிவிடும். இங்கே அதிகாரத்துக்கும் பழக்கத்துக்கும் கணக்கு நன்றாகவே போடப்படுகிறது. காரியத்தின் பாரத்துக்குத்தான் கணக்கு விட்டுப்போகிறது.

ஒரு மாதிரி மடலைப் பார்க்கலாம். எழுதுபவர் ஒயிட்ஃபீல்டில் இருக்கும் பொறியாளர். பெறுபவர் நியூயார்க்கில் இருக்கும் வாடிக்கையாளர். மடலில் மூன்றே வாக்கியங்கள்:

“வி வுட் டிப்ளாய் தி நியூ பில்ட் ஆன் மண்டே. ப்ளீஸ் சென்ட் தி லாக் ஃபைல்ஸ் பை தர்ஸ்டே. வி வுட் நீட் தி சர்வர் டவுன் ஃபார் ஃபோர் அவர்ஸ் ஆன் சாட்டர்டே.”

முதல் வாக்கியம் வாக்குறுதி. திங்கட்கிழமை புதிய பில்ட் ஏறிவிடும் என்று அவர் சொல்ல நினைக்கிறார். படிப்பவருக்கோ ‘வுட்’டைக் கண்டதும் தொடராத ஓர் ‘இஃப்’ கண்ணை உறுத்துகிறது: ஏற்றுவோம், ஆனால் எது நடந்தால்? அவர் திருப்பிக் கேட்பார். கோடைக்காலத்தில் நியூயார்க்கைவிடப் பெங்களூரு ஒன்பதரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அங்கே பிற்பகல் மூன்றுக்கு எழுந்த சந்தேகம் இங்கே நள்ளிரவு தாண்டி வந்து சேரும். பதில் போக மறுநாள் ஆகும். நான்கெழுத்து ‘வில்’ இருந்திருந்தால் அந்த ஒரு நாள் மிச்சம்.

இரண்டாவது வாக்கியம் சின்ன வேலை. லாக் கோப்புகளை எடுத்து இணைக்கச் சில நிமிடங்கள் போதும். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வழக்கமான வேலையும்கூட. அன்றாடம் மடல் பரிமாறிக்கொள்பவர்களுக்கு இடையில் ‘ப்ளீஸ் சென்ட்’ பெரிய குற்றமில்லை. “கேன் யூ சென்ட் தி லாக் ஃபைல்ஸ் பை தர்ஸ்டே?” என்றால் இன்னும் இயல்பு. பெறுபவர் புதியவர் என்றால் ‘குட் யூ’. இதற்குமேல் ஏறக் கூடாது. “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் பாஸிப்ளி” என்று லாக் கோப்புக்காக எழுதினால், படிப்பவர் ஒன்று அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்வார், அல்லது உள்ளே ஏதோ பெரிய சிக்கல் இருக்கிறது என்று பயப்படுவார்.

மூன்றாவதுதான் உண்மையில் பாரமானது. சனிக்கிழமை நான்கு மணி நேரம் சர்வரை நிறுத்தினால் வாடிக்கையாளர் தன் பயனர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், வாரக் கடைசியில் ஆளை உட்கார வைக்க வேண்டும். இவ்வளவையும் கேட்கிற வாக்கியம் கேள்வியாகவே இல்லை! ‘வுட்’ இருக்கிறது, ஆனால் அது ‘நீட்’டை மெதுவாக்குகிறதே தவிர, மறுக்க வழி விடவில்லை. எழுதியவர் பணிந்துவிட்டதாக நினைக்கிறார். படித்தவர் தமக்குத் தீர்ப்பு சொல்லப்பட்டதாக நினைக்கிறார்.

அதைத் திருத்தினால் இப்படி வரும்: “வுட் இட் பி பாஸிபிள் டு டேக் தி சர்வர் டவுன் ஃபார் ஃபோர் அவர்ஸ் ஆன் சாட்டர்டே? வி கெனாட் ரன் தி டேட்டாபேஸ் மைக்ரேஷன் வைல் யூசர்ஸ் ஆர் லாக்ட் இன். இஃப் சாட்டர்டே டஸ் நாட் வொர்க், சண்டே இஸ் ஃபைன்.” முதலில் கேள்வி, அடுத்துக் காரணம், கடைசியில் மாற்று நாள். பணிவு ‘வுட்’ என்ற ஒற்றைச் சொல்லில் இல்லை. மாற்று நாள் கொடுத்ததில்தான் அதில் பாதிக்குமேல் இருக்கிறது.

‘குட் யூ’வுக்கும் ‘வுட் யூ’வுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ‘குட்’ இயலுமா என்று கேட்கிறது. ‘வுட்’ மனம் உண்டா என்று கேட்கிறது. அதனால் மறுப்பவரின் நிலை மாறுகிறது. ‘குட் யூ’ என்று கேட்டால் ‘அந்த அனுமதி என்னிடம் இல்லை’ என்று சூழ்நிலையின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் கௌரவமாக விலகலாம். ‘வுட் யூ’வுக்கு இல்லை என்றால், விருப்பமில்லை என்றாகிவிடும். மடலில் தொனி கேட்காது என்பதால் “வுட் யூ ப்ளீஸ்” சில சமயம் பொறுமை இழந்தவரின் குரலாகவும் படிக்கப்படும். புதியவருக்கும் மூத்தவருக்கும் எழுதும்போது ‘குட்’டே பாதுகாப்பு.

அப்படியானால் எதையும் நேரே கேட்காமல் குறிப்பால் உணர்த்திவிட்டால் இன்னும் பணிவாகாதா? இந்த ஊரில் இதுவும் நடக்கிறது. “ரிப்போர்ட் இஸ் நாட் யெட் ரிசீவ்ட்” என்று மட்டும் ஒரு வரி போகும். ‘இன்னும் வரல’ என்று தமிழில் இழுத்துச் சொன்னால் அது நாசூக்கு. ஆங்கில மடலில் அதுவே குற்றச்சாட்டு. ஷோஷனா ப்ளும்-குல்கா 1987இல் எபிரேய, ஆங்கில மொழியினரிடம் நடத்திய ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. மிகவும் பணிவானவை என்று இரு தரப்பும் மதித்தது குறிப்புகளை அல்ல. ‘குட் யூ’ போன்ற, வழக்கில் ஊறிப்போன சுற்றுக் கேள்விகளைத்தான். குறிப்பு, அதைப் பெறுபவர் ஊகித்துப் புரிந்துகொள்ள வேண்டிய வேலையைக் கூட்டுகிறது என்பது அவர் தரும் விளக்கம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கோடிக்கணக்கானோர் இப்படி எழுதினால் அதைப் பிழை என்று சொல்ல யாருக்கு உரிமை? பிரஜ் கச்ரு வாழ்நாள் முழுக்க வாதிட்டதுபோல் இந்திய ஆங்கிலத்துக்கு அதற்கேயுரிய நெறி இருக்கக் கூடாதா? இருக்கலாம். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கோரமங்களாவுக்குப் போகும் மடலில் “ஐ வுட் பி ஆன் லீவ்” யாரையும் குழப்பாது. அதைத் திருத்துவது வெறும் வாத்தியார்த்தனம். ஆனால் இந்த வாதம் லண்டனில் படிக்கப்படும் மடலுக்குப் பொருந்தாது. அங்கே சிக்கல் கௌரவம் பற்றியதல்ல, தகவல் பற்றியது. ‘வுட்’ போட்ட வாக்குறுதி அங்கே வாக்குறுதியாகப் போய்ச் சேர்வதில்லை. ‘ஐ குட் செக் தி சர்வர்’ என்றால் பார்த்தாயிற்றா, இனிமேல்தான் பார்க்கலாமா என்றே தெரியாது.

ஆகவே மடலை அனுப்புமுன் ஒருமுறை வாக்கியங்களின் முடிவை மட்டும் பாருங்கள். கேள்விக்குறியில் முடியும் வாக்கியத்தில் ‘குட்’டோ ‘வுட்’டோ இருந்தால் விட்டுவிடலாம். முற்றுப்புள்ளியில் முடிந்தால் அதே வாக்கியத்தில் ‘இஃப்’ இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், ‘வுட் லைக்’ போன்ற நிலைத்த தொடர்களையும் பிறர் சொன்னதை எடுத்துரைக்கும் இடங்களையும் தவிர, மற்ற எங்கும் ‘வில்’, ‘கேன்’ என்று மாற்றிவிடுங்கள். பாரமான கோரிக்கை ஒன்று முற்றுப்புள்ளியோடு நின்றால், அதைக் கேள்வியாக்கிக் காரணமும் சேர்த்து அனுப்புங்கள்.