கழிவறையைப் புதுப்பித்து 4 மாதம்கூட ஆகல, அதற்குள் கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர்... குத்தகையாளரிடம் எப்படிக் கேட்பது?

காத்தோங்கில் பழைய கூட்டுரிமை வீடுகள் நிறைய. வாங்கியவுடன் முதலில் கைவைப்பது பெரும்பாலும் கழிவறையில்தான். பழைய டைல்ஸை உடைத்து, தரையில் நீர்புகாப் பூச்சு பூசி, புது டைல்ஸ் ஒட்டுவார்கள். குத்தகையாளர் '5 ஆண்டு உத்தரவாதம்' என்று எழுதித் தருவார். சில மாதங்களில் கீழ்வீட்டுக் கூரை ஈரமானால்?

முதல் பொறுப்பு யாருக்கு?

கீழ்வீட்டுக்காரருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். குத்தகையாளர் அல்ல. கட்டடப் பராமரிப்பு, கூட்டுரிமை நிர்வாகச் சட்டத்தின் 101ஆவது பிரிவு, கூரையில் ஈரம் தெரிந்தால் கோளாறு மேல்வீட்டில்தான் என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று நிரூபிப்பது மேல்வீட்டுக்காரர் வேலை. குத்தகையாளரோடு உங்களுக்குள்ள சண்டை வேறு கணக்கு. "அவர் வரட்டும், பார்க்கலாம்" என்று அண்டைவீட்டாரைக் காக்க வைக்க முடியாது.

"அது பைப் லீக், எங்க வேலை இல்ல"

குத்தகையாளரின் வழக்கமான பதில் இது. சில சமயம் உண்மையாகவும் இருக்கும். கண்டுபிடிக்க வழி உண்டு.

வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். மீட்டர் ஓடினால் தண்ணீர்க் குழாயில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். மீட்டர் அசையவில்லை, குளித்த பிறகுதான் கூரை நனைகிறது என்றால் சந்தேகம் தரைப் பூச்சின் மீதும் கழிவுநீர்க் குழாயின் மீதும் போகும்.

அடுத்தது நீர் தேக்கும் சோதனை. தண்ணீர் வடியும் துளையை அடைத்துத் தரையில் தண்ணீர் தேக்கி, மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் விடுவார்கள். கழிவுக்குழாய்க்குள் தண்ணீர் போகாதபோதும் கீழே ஈரம் கூடினால் பூச்சில்தான் கோளாறு. பெரும்பாலும் அது தரையும் சுவரும் சேரும் மூலையிலோ, குழாய் தரையைத் துளைத்துச் செல்லும் இடத்திலோ, வடிதுளையின் ஓரத்திலோ இருக்கும். நடுத்தரையில் அவ்வளவாக வராது.

முறைப்படி பார்த்தால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே இந்தச் சோதனை நடந்திருக்க வேண்டும். அப்போது எடுத்த படம் இருக்கிறதா என்று குத்தகையாளரைக் கேளுங்கள். இல்லை என்றால் அதுவும் உங்கள் பக்கம் பேசும்.

உடைக்காதீர்கள், இப்போதைக்கு

பதறிப்போய் வேறோர் ஆளை அழைத்துத் தரையை உடைத்தால் ஆதாரமும் சேர்ந்து போய்விடும். "நீங்கதான் உடைச்சீங்க, உத்தரவாதம் போச்சு" என்பார் பழைய குத்தகையாளர். முதலில் படம், காணொளி, சோதனை அறிக்கை. பிறகு எழுத்து மூலம் அவருக்குத் தகவல் கொடுத்து, வந்து பார்க்கவும் சரிசெய்யவும் 14 நாள் போன்ற நியாயமான காலக்கெடு கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். ஆனால் தொலைபேசிப் பேச்சு போதாது.

உத்தரவாதத் தாளை இந்த நேரத்தில் ஒரு முறை முழுதாகப் படிப்பது நல்லது. பூச்சை மட்டும் மறுபடி பூசித் தருவதாக எழுதியிருக்கலாம். டைல்ஸை உடைத்து மறுபடி ஒட்டும் செலவும் கீழ்வீட்டுக் கூரைச் செலவும் அதில் இல்லாமல் போகலாம். உண்மையில் பணம் போவது அங்கேதான்.

பழுதான பொருள்களுக்கான 'லெமன் சட்டம்' உதவாதா? அது பொருள்களுக்கு. வேலைத்தரம் பற்றிய பிரச்சினைக்கு உங்கள் ஒப்பந்தமும், நியாயமான திறமையோடு வேலை செய்ய வேண்டும் என்ற பொதுச் சட்டக் கடமையும்தான் கைகொடுக்கும்.

நடுவர் மன்றத்தில் கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கு. புதுப்பிப்புக்கு 7,500 வெள்ளி கொடுத்தீர்கள். காலக்கெடு முடிந்தும் அவர் வரவில்லை. சரிசெய்ய வேறு இருவர் கொடுத்த விலையில் குறைந்தது 4,200 வெள்ளி. கீழ்வீட்டுக் கூரைக்கு 600. ஆக 4,800 வெள்ளி.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. 5,000 வெள்ளிக்குள் கேட்கும் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞருக்கு இடமில்லை, உங்களுக்காக நீங்களே பேச வேண்டும். CJTS இணையத்தளத்தில் பதிவுசெய்யலாம். பணம் தரும்படி மட்டுமல்ல, கோளாறைச் சரிசெய்யும்படியும் மன்றம் உத்தரவிடலாம். அதற்கு முன் சமரசமாகப் போக விரும்பினால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

இரண்டு விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். ஒன்று, காலம். உரிமை பிறந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மன்றத்துக்குப் போக வேண்டும். உத்தரவாதம் 5 ஆண்டு என்று அசட்டையாக இருக்காமல், வேலை முடிந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. இன்னொன்று, பெயர். கடைப் பலகையில் உள்ள பெயர் மேல் வழக்குப் போட முடியாது. ரசீதில் உள்ள பதிவு எண்ணை பிஸ்ஃபைல் தளத்தில் தட்டிப் பாருங்கள். நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். மூடப்பட்டுவிட்டால் கையில் உள்ள 5 ஆண்டு உத்தரவாதத்தை வைத்து அதனிடமிருந்து பணம் பெறுவது மிகக் கடினம்.