இரண்டு கேட், மூன்று தூண், ஒரு போர்டிகோ

குரோம்பேட்டையில் எங்க தாத்தா 1958ல் கட்டின வீட்டை அடுத்த மாசம் இடிக்கப் போறாங்க. அந்த வீட்டைப் பற்றி ரொம்ப நாளாக ஒரு வழக்கு உண்டு. "கார் நிறுத்த அப்பவே அப்பா இடம் விட்டுட்டார்" என்பது என் அப்பாவின் கட்சி. "போர்டிகோ என் காசுல நான் கட்டினது, 74ல" என்பது பெரியப்பாவின் கட்சி. ரசீது, பிளான் எதுவும் இல்லை. இடிக்கிறதுக்கு முன்னாடி காம்பவுண்டு சுவரையே சாட்சியா விசாரிக்கலாம்னு டேப்பும் வெர்னியரும் எடுத்துக்கொண்டு போனேன்.

தெருவிலிருந்து பார்த்தால் மூன்று தூண்கள். முதல் இரண்டுக்கும் நடுவே நாலடி அகலச் சின்ன கேட். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒன்பது அடி அகல இரட்டைக் கதவு கேட். அதற்கு நேர் பின்னால் போர்டிகோ. எல்லாம் ஒரே பச்சை பெயின்ட், அதனால் ஒரே காலத்து வேலை மாதிரிதான் தெரியும்.

முதலில் கம்பிகள். சின்ன கேட்டில் குறுக்குப் பட்டையில் துளை போட்டு, சதுரக் கம்பிகளை அதன் வழியே நுழைத்திருக்கிறார்கள். பட்டைகள் சேரும் மூலைகளில் ரிவெட் தலைகள், சுத்தியலால் அடித்துப் பரப்பினவை. கொல்லுப் பட்டறை வேலை இது. பெரிய கேட்டில் துளையே இல்லை. கம்பியைப் பட்டையோடு ஒட்டவைத்து வெல்டிங் பிடித்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு கம்பியில் மட்டும் வெல்டிங் இருந்தால் அது ரிப்பேராக இருக்கலாம். இங்கே எல்லாக் கம்பியிலும் இருந்தது.

பெயின்டைச் சுரண்டிவிட்டுக் கனம் அளந்தேன். சுரண்டாமல் அளந்தால் பல வருஷத்துப் பெயின்டும் சேர்ந்து கணக்காகிவிடும். சின்ன கேட் கம்பி 12.6 மி.மீ., அதாவது அந்தக் கால அரை அங்குலம் (12.7). பெரிய கேட் கம்பி சரியாக 12. மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956ல். நடைமுறைக்குப் படிப்படியாக வந்து அறுபதுகளின் தொடக்கத்தில்தான் முழுமையானது. அதனால் 12 மி.மீ. கம்பியை 1958 வீட்டோடு சேர்க்க முடியாது. ஆனால் இந்தச் சோதனை ஒருபக்கமாகத்தான் பேசும். பழைய இருப்பில் கிடந்த அரை அங்குலக் கம்பியைப் பின்னாளில் யாரும் போட்டிருக்கலாம்.

அடுத்து தூண்கள். மூன்றுமே 14 அங்குலச் சதுரம், ஒன்றரைச் செங்கல் கணக்கு. பூச்சு உதிர்ந்த இடத்தில் ஆணியால் கீறினால், முதல் இரண்டு தூண்களில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் காரை பொடிந்து விழுகிறது. மூன்றாவதில் சாம்பல் நிற சிமென்ட். ஆணிதான் மழுங்கியது.

விளக்குகள் இன்னும் தெளிவாகப் பேசின. இரண்டாவது, மூன்றாவது தூண்களின் தலையில் ஒரே மாதிரி பால்வெள்ளைக் கண்ணாடி உருண்டைகள், மூன்று திருகு பிடித்த கிண்ணத்தில். மூன்றாவது தூணில் வயர் போகும் குழாய் உள்ளேயே புதைந்திருக்கிறது. கட்டும்போதே வைத்தால்தான் அப்படி முடியும். இரண்டாவது தூணில் குழாய் பின்பக்கமாக, கிளாம்பு அடித்து ஏறுகிறது. ஆக, அந்தத் தூணுக்கு விளக்கு பிறகு வந்தது. முதல் தூணுக்கு வரவே இல்லை.

போர்டிகோ கூரை வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் நூல் பிடித்தாற்போல ஒரே நேர்கோட்டு விரிசல். பழைய சுவரோடு புது கான்கிரீட்டைச் சேர்த்தால் வழக்கமாக வருகிற விரிசல் அது. உள்நீளம் 15 அடி. பெரியப்பாவின் பியட் கிட்டத்தட்ட 13 அடி. முன்னும் பின்னும் ஆள் நடக்க ஒவ்வோர் அடி. காரை மனசில் வைத்துத்தான் அளந்திருக்கிறார்கள்.

ஆக, மூன்றாவது தூண், பெரிய கேட், விளக்குகள், போர்டிகோ எல்லாம் ஒரு செட். 1958ல் இருந்தது நாலடி கேட் மட்டும்தான். தாத்தா எலக்ட்ரிக் டிரெயினில் ஆபீஸ் போனவர். சைக்கிள் நுழைய நாலடி தாராளம். பெரியப்பா ஜெயித்தார்னு நினைத்துக்கொண்டே டேப்பைச் சுருட்டினேன்.

அப்புறம்தான் விட்டுப்போன ஒரு அளவு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு இடது பக்கம் சுவர் வரை ஐந்தடி. வலது பக்கம், போர்டிகோ இருக்கும் பக்கம், பதினோரு அடி. வீட்டை மனையின் நடுவில் வைக்காமல் ஆறடி அதிகமாக ஒரு பக்கம் விட்டிருக்கிறார் தாத்தா. வீட்டுச் சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் காரை, அது பிறகு நகர்ந்திருக்க வழியில்லை.

அப்பா சொன்னது "இடம் விட்டார்" என்றுதான். கட்டினார்னு அவர் சொன்னதே இல்லை. நாங்கதான் அப்படிக் கேட்டுக்கொண்டோம்.

இரண்டு பேருக்கும் போன் பண்ணிச் சொன்னேன். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் சின்ன கேட்டை மட்டும் காயலான் கடைக்குப் போடாதேடா" என்றார்.