விற்பனை வேறுபாட்டுப் பகுப்பாய்வு: விலை, அளவு, கலவை

விற்பனை வேறுபாட்டுப் பகுப்பாய்வு என்பது, ஒரு ஸ்தாபனம் பட்ஜெட்டில் எதிர்பார்த்த விற்பனை லாபத்துக்கும், காலம் கழிந்தபின் உண்மையில் கைக்கு வந்த லாபத்துக்கும் இடையேயுள்ள வித்தியாசம் எந்தெந்தக் காரணங்களால் விளைந்தது என்று பிரித்துக் காட்டும் அடக்கவிலைக் கணக்கியல் முறையாகும். இவ்வித்தியாசம் மூன்று கூறுகளாகப் பிரிக்கப்படும். நினைத்த விலையில் விற்காததால் வருவது விலை வேறுபாடு. நினைத்த எண்ணிக்கையைவிடக் கூடவோ குறையவோ விற்றதால் வருவது அளவு வேறுபாடு. பல சரக்குகளை விற்கும் இடத்தில், லாபம் மிகுந்த சரக்கும் குறைந்த சரக்கும் நினைத்த விகிதத்தில் விற்காமல் வேறு விகிதத்தில் விற்றதால் வருவது கலவை வேறுபாடு. லாபத்தை உயர்த்தும் வேறுபாட்டைச் சாதகம் என்றும், தாழ்த்துவதைப் பாதகம் என்றும் குறிப்பது வழக்கம். 1944-இல் தோன்றி, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டபூர்வமான அந்தஸ்து பெற்ற இந்தியச் செலவுக் கணக்காளர் கழகத்தின் பாடத்திட்டத்தில் இம்முறைக்கு நிலையான இடம் உண்டு.

தொழிற்களம்

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரில், பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் முருகப்பா குடும்பத்தாரும் கூடி 1949-இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையும், 1964-இல் அங்கே தோன்றிய தொழிற்பேட்டையும் அவ்வட்டாரத்தைச் சைக்கிள், மோட்டார் உறுப்புகள் ஆகியவற்றின் கேந்திரமாக்கின. இப்பகுப்பாய்வை விளக்கச் சைக்கிள் வியாபாரம் மிகவும் தகுந்தது. ஏனெனில், பால்காரரும் தொழிலாளியும் ஏறும் ‘ஸ்டாண்டர்டு’ என்ற கறுப்பு வண்டியும், சிறுவரும் இளைஞரும் விரும்பும் ‘ஸ்பெஷல்’ வண்டியும் ஒரே கம்பெனியின் பெயரில் விற்பனையானாலும், அவற்றின் லாபம் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நிற்கிறது. இவற்றோடு மூன்றாவதாக ஒரு வழியும் திறந்தது. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தமிழக அரசு தொடங்கி, 2005-06-இல் மற்ற மாணவர்களுக்கும் விரித்த இலவச சைக்கிள் திட்டத்தால், டெண்டர் மூலம் பெரும் எண்ணிக்கையில் வண்டிகள் வாங்கப்படலாயின. டெண்டரில் எண்ணிக்கை பெரிது, விலை குறைவு. இவ்வியல்பே கலவை வேறுபாட்டைக் கணக்கரின் மேஜைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

ஓர் உதாரணம்

கீழ்க்காணும் எண்கள் எந்தக் கம்பெனியின் கணக்கிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல, விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. ஒரு சைக்கிள் உற்பத்தியாளர் ஒரு மாதத்துக்கு 6,000 ஸ்டாண்டர்டு வண்டிகளைத் தலா ரூ. 4,000-க்கும், 4,000 ஸ்பெஷல் வண்டிகளைத் தலா ரூ. 6,000-க்கும் விற்கத் திட்டமிட்டார் என்று கொள்வோம். முன்கூட்டி நிர்ணயித்த நியமச் செலவு முறையே ரூ. 3,400, ரூ. 4,500. ஆகவே வண்டிக்கு எதிர்பார்த்த லாபம் ஸ்டாண்டர்டில் ரூ. 600, ஸ்பெஷலில் ரூ. 1,500, மாத லாபம் ரூ. 96 லட்சம், 10,000 வண்டிகளுக்குச் சராசரி ரூ. 960.

மாத முடிவில் 8,400 ஸ்டாண்டர்டு வண்டிகள் சராசரி ரூ. 3,900-க்கும், 3,600 ஸ்பெஷல் வண்டிகள் ரூ. 6,050-க்கும் விற்றிருந்தன. விற்பனைக் கணக்கில் செலவை எப்போதும் நியமச் செலவாகவே நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. இல்லையேல் இரும்புக் குழாயின் விலையேற்றமும் தொழிற்கூடத்தின் வீணடிப்பும் விற்பனையாளர் தலையில் வந்து விழும். அவ்விதம் கணக்கிட்டால் உண்மை லாபம் ரூ. 97.8 லட்சம், பட்ஜெட்டைவிட ரூ. 1.8 லட்சம் சாதகம். எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தும் லாபம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்பதற்குக் காரணம் யாது என்பதே இப்பகுப்பாய்வு விடைகாண வேண்டிய வினா.

மூன்று கூறுகளைக் காணும் முறை

முதலில் விலை வேறுபாடு. உண்மை விலையிலிருந்து பட்ஜெட் விலையைக் கழித்து, உண்மையில் விற்ற எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஸ்டாண்டர்டில் நூறு ரூபாய்க் குறைவு 8,400 வண்டிகளுக்கு ரூ. 8.4 லட்சம் பாதகம். ஸ்பெஷலில் ஐம்பது ரூபாய் மிகுதி 3,600 வண்டிகளுக்கு ரூ. 1.8 லட்சம் சாதகம், நிகரமாக ரூ. 6.6 லட்சம் பாதகம். விலையும் எண்ணிக்கையும் ஒருங்கே மாறும்போது இரண்டுக்கும் பொதுவாக ஒரு துண்டு எஞ்சும்; உண்மை எண்ணிக்கையால் பெருக்குவதால் அத்துண்டு விலையின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது. இது வழக்கத்தால் நிலைத்த ஏற்பாடேயன்றிக் கணிதம் கட்டாயப்படுத்துவதன்று.

அடுத்து அளவு வேறுபாடு. மொத்தம் 2,000 வண்டிகள் கூடுதலாக விற்றுள்ளன. அவற்றைப் பட்ஜெட் சராசரி லாபமாகிய ரூ. 960-ஆல் பெருக்க, ரூ. 19.2 லட்சம் சாதகம் கிடைக்கிறது. பட்ஜெட் விகிதம் மாறாமல் வியாபாரம் பெருகியிருந்தால் இத்தொகை முழுவதும் கைக்கு வந்திருக்கும்.

விகிதம் மாறிவிட்டது. பட்ஜெட்டில் நூற்றுக்கு நாற்பதாக இருந்த ஸ்பெஷல், உண்மையில் முப்பதாகத் தாழ்ந்தது. உண்மை விகிதத்துக்குப் பட்ஜெட் லாபங்களைப் பொருத்தினால் சராசரி ரூ. 870 ஆகும். வண்டிக்கு ரூ. 90 குறைவு, 12,000 வண்டிகளுக்கு ரூ. 10.8 லட்சம் பாதகம். இதுவே கலவை வேறுபாடு. மூன்றையும் கூட்டினால் (–6.6 + 19.2 – 10.8) ரூ. 1.8 லட்சம் வந்து நிற்கும். கூட்டுத்தொகை மொத்த வித்தியாசத்தோடு பொருந்தாவிட்டால், எங்கோ செலவை நியமத்திலும் உண்மையிலும் மாற்றி மாற்றி எடுத்திருக்கிறார்கள் என்று அறியலாம்.

வகுப்பைப் பிரிக்கும் நுட்பம்

மேற்கண்ட அறிக்கையைப் படிக்கும் நிர்வாகி, ஸ்டாண்டர்டு வண்டியில் விற்பனையாளர்கள் நூறு ரூபாய் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று முடிவுசெய்து, டிஸ்கவுண்ட் கொடுக்கும் அதிகாரத்தைக் குறைக்க உத்தரவிடக்கூடும். ஆனால் அந்த 6,000 வண்டிகளைப் பட்ஜெட் தயாரித்தவர்கள், டீலர்களுக்கு 5,000 வண்டி ரூ. 4,080-க்கும், டெண்டருக்கு 1,000 வண்டி ரூ. 3,600-க்கும் என்று பிரித்தே கணக்கிட்டிருந்தார்கள், ரூ. 4,000 என்பது அவ்விரண்டின் சராசரி மட்டுமே. உண்மையில் டீலர்களுக்கு 5,250 வண்டிகள் அதே ரூ. 4,080-க்கும், டெண்டருக்கு 3,150 வண்டிகள் அதே ரூ. 3,600-க்கும் சென்றிருந்தன. ஆக, எவரும் ஒரு ரூபாயும் விட்டுக்கொடுக்கவில்லை. அறிக்கையை மூன்று வகுப்புகளாகப் பிரித்து மீண்டும் எழுதினால் இவ்வாறு அமையும்.

| கூறு | இரண்டு வகுப்பில் (லட்சம் ரூ.) | மூன்று வகுப்பில் (லட்சம் ரூ.) |
|---|---|---|
| விலை | –6.6 | +1.8 |
| அளவு | +19.2 | +19.2 |
| கலவை | –10.8 | –19.2 |
| மொத்தம் | +1.8 | +1.8 |

மொத்தமும் அளவும் மாறவில்லை. விலையின் பேரில் இருந்த ரூ. 8.4 லட்சம் பாதகம் முழுவதும் கலவையின் பேருக்கு இடம்பெயர்ந்துவிட்டது. விலைக்கும் கலவைக்கும் இடையேயுள்ள எல்லை சந்தையில் அமைந்ததன்று. சரக்கையும் வாடிக்கையாளரையும் எத்தனை வகுப்பாகப் பிரிக்கிறோம் என்பதே அவ்வெல்லையை வரைகிறது. வெவ்வேறு விலைக்கு விற்கும் இரண்டு வழிகளை ஒரே வகுப்பில் போட்டால், உள்ளே நிகழும் கலவை மாற்றம் விலைச் சரிவின் வேடம் பூண்டு வெளியே வரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பாதகமான விலை வேறுபாடு தோன்றும் வகுப்பின் இன்வாய்ஸ்களை வாடிக்கையாளர்வாரியாக விரித்து, ஒவ்வொருவருக்கும் உரிய பட்ஜெட் விலையோடு ஒப்பிட வேண்டும். தனித்தனியே விலை சரியாயிருந்து சராசரி மட்டும் சரிந்திருந்தால், குறை விலையில் இல்லை, வகுப்பில் இருக்கிறது.

கலவை வேறுபாட்டின் எல்லைகள்

ரூ. 19.2 லட்சம் கலவைப் பாதகத்தைக் கண்டு, டெண்டர் விற்பனை அவ்வளவு நஷ்டத்தை விளைத்தது என்று கருதுவது இன்னொரு பிழையாகும். 12,000 வண்டி விற்றாலும் பட்ஜெட் விகிதம் நிலைத்திருக்க வேண்டும் என்ற அனுமானத்தின் மேல் கலவைக் கணக்கு எழுந்துள்ளது. அதன்படி ஸ்பெஷல் 4,800 விற்றிருக்க வேண்டும். பட்ஜெட்டோ 4,000 மட்டுமே கேட்டது. வகுப்புவாரியாகப் பார்த்தால் உண்மை நிலை தெளியும்: கூடுதலான 2,150 டெண்டர் வண்டிகள் தலா ரூ. 200 வீதம் ரூ. 4.3 லட்சம் ஈட்டின. கூடுதலான 250 டீலர் வண்டிகள் தலா ரூ. 680 வீதம் ரூ. 1.7 லட்சம் ஈட்டின. விற்காமற்போன 400 ஸ்பெஷல் வண்டிகள் தலா ரூ. 1,500 வீதம் ரூ. 6 லட்சத்தை இழந்தன. ஈட்டியதும் இழந்ததும் சமம். அளவும் கலவையும் ஒன்றையொன்று ஈடுசெய்ததன் பொருள் இதுதான்.

ஆகவே விசாரிக்க வேண்டியது, அந்த 400 ஸ்பெஷல் வண்டிகள் ஏன் விற்கவில்லை என்பதே. பெயிண்ட் அடிக்கும் பிரிவும் பூட்டும் பிரிவும் டெண்டர் வண்டிகளால் நிரம்பி ஸ்பெஷலுக்கு இடமில்லாமற் போயிருந்தால், இரண்டும் ஒரே சக்திக்குப் போட்டியிடுகின்றன. அந்நிலையில் கலவை வேறுபாடு உண்மையான ஒரு தேர்வின் விலையைக் காட்டுகிறது. அதற்கு மாறாக, இயந்திரங்கள் ஓய்ந்திருந்தும் டீலர்களிடம் ஸ்பெஷலுக்குத் தேவை குன்றியிருந்தால், இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் சம்பந்தமில்லை; அப்போது மொத்தச் சராசரியை விட்டு, வகுப்புவாரியான அளவு வேறுபாட்டையே அறிக்கையில் காட்டுவது நேர்மையானது. ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்காத சரக்குகளை, உதாரணமாகச் சைக்கிளையும் தொழிற்சாலைக்கு விற்கும் எஃகுக் குழாயையும், கூட்டிச் சராசரி காண்பதற்கு அர்த்தமே இல்லை; எண்ணிக்கையும் எடையும் கூடுவதில்லை.

தரவில் கவனிக்கத்தக்கவை

விலை என்பது ஜி.எஸ்.டி. நீங்கிய நிகர விலையாக இருக்க வேண்டும். வரி விகிதம் மாறும் மாதத்தில் வரியோடு கூடிய விலையை ஒப்பிட்டால், விற்பனையாளர் செய்யாத காரியம் அவர் பேரில் எழுதப்படும். டீலர்களுக்குக் காலாண்டு முடிவில் கிரெடிட் நோட்டாகத் தரப்படும் டிஸ்கவுண்ட், விற்பனை நிகழ்ந்த மாதங்களுக்கே பகிர்ந்து ஏற்றப்பட வேண்டும். இல்லாவிடில் இரண்டு மாதம் விலை சாதகமாகவும் மூன்றாம் மாதம் திடீரெனப் பாதகமாகவும் தோற்றமளிக்கும். டெண்டர் வண்டிகள் மொத்தமாக அனுப்பப்படுவதால், ஒரு மாதத்தின் கலவைப் பாதகம் அடுத்த மாதத்தில் சாதகமாகத் திரும்பக்கூடும். ஆதலால் இத்தகைய வியாபாரத்தில் மாதக் கணக்கோடு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டிய கணக்கையும் பக்கத்தில் வைத்தே முடிவுசெய்கிறார்கள்.